கிரியாட்டினின் குறைந்தும் குமட்டல் ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு. காலையில் பல் துலக்கும்போதே குமட்டுகிறது. எதைச் சாப்பிட்டாலும் இரும்பை நக்கியதுபோல் இருக்கிறது என்கிறார், இறைச்சி வாசனையே ஆகவில்லை. யூரியா 170. ஆனால் கிரியாட்டினின் இரண்டு மாதத்தில் 7.8-லிருந்து 7.2 ஆகிவிட்டது, எடையும் குறையவில்லை. தேறி வருகிறாரா?

பதில்: இல்லை, அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. கிரியாட்டினின் தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. பசியில்லாமல் சாப்பாடு குறைந்தால் தசை கரையும், அப்போது சிறுநீரகம் தேறாமலேயே அந்த எண் இறங்கும். எடையையும் நம்ப வேண்டாம், உடம்பில் தேங்கும் நீர் கரைந்த தசையின் எடையை ஈடுகட்டிவிடும். கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் நீர் கோத்திருக்கிறது. வளையலோ கைக்கடிகாரமோ தளர்ந்திருக்கிறதா என்பதும் தராசைவிட உண்மையைச் சொல்லும்.

வாயில் நடப்பது இது. ரத்தத்தில் ஏறிய யூரியா உமிழ்நீரிலும் சுரக்கிறது. வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக உடைக்கின்றன. உலோகச் சுவைக்கும், மூச்சில் வரும் சிறுநீர் நெடிக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். வாயைக் கொப்பளித்தால் சற்று நேரம் தேவலை, ஆனால் உமிழ்நீர் ஊறிக்கொண்டே இருப்பதால் சுவை திரும்பிவிடும்.

குமட்டல் தொடங்குவது பெரும்பாலும் மூளையில். ரத்தத்தில் நச்சு கலந்திருக்கிறதா என்று கண்காணிக்கும் சிறு பகுதி ஒன்று மூளையின் அடித்தண்டில் உண்டு. ரத்தத்திலுள்ள பொருள்கள் உள்ளே புகாமல் காக்க மூளையின் மற்ற இடங்களுக்கு இருக்கும் தடுப்பு அதற்குக் கிடையாது. யூரியாவோடு சேர்ந்து தேங்கும் பல கழிவுகள் அதைத் தூண்டிக்கொண்டே இருக்கும். இதே கழிவுகளும், உடம்பில் கூடும் அமிலமும், மெல்ல எரியும் அழற்சியும் சேர்ந்து பசியை அடக்குகின்றன. புரத உணவு முதலில் வெறுத்துப் போவது இந்த நோயில் வழக்கம்தான்.

மாத்திரைகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் இதே சுவையையும் குமட்டலையும் தரும், அவருடைய நிலையில் அதைக் கொடுக்கவே கூடாது. இரும்புச்சத்து மாத்திரையும் குமட்டலைக் கூட்டலாம்.

கிரியாட்டினின் 7.2 என்றால் அவருடைய சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 மில்லிலிட்டர்தான். டயாலிசிஸை எப்போது தொடங்குவது என்பதை வெறும் கிரியாட்டினினை வைத்து நாங்கள் முடிவு செய்வதில்லை. உணவு இறங்காமல் உடம்பு கரைவது அதற்கான வலுவான காரணம். குமட்டலுக்கு மாத்திரை போட்டு மாதங்களைக் கடத்தாமல், இந்த வாரமே சிறுநீரக மருத்துவரிடம் சொல்லுங்கள். டயாலிசிஸ் தொடங்கிய சில வாரங்களில் பலருக்கு நாக்கும் பசியும் திரும்புகின்றன. அதுவரை புரதத்தை நீங்களாக இன்னும் குறைக்காதீர்கள், தசைதான் மேலும் கரையும்.

மயக்கக் கலக்கம், பிதற்றல், நிற்காத விக்கல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.