ஜப்பான் கடை போர்டுல 1F எந்த மாடி?

"ஒசாகா டிபார்ட்மென்ட் ஸ்டோர் போர்டு போட்டோவ ட்ரான்ஸ்லேட் ஆப்ல போட்டா 1F முதல் மாடின்னு வருது, கடையெல்லாம் வேற மாடில போய் நிக்குது"

ப்ரோ, ஜப்பான்ல 1F-னா ரோட்டுல இருந்து நேரா நுழையுற தளம், அதனால தரைத்தளம்னு போடுங்க, 2F தான் நம்ம முதல் மாடி, இப்படியே மேல வரைக்கும் ஒண்ணு கொறச்சுக்கோங்க. ஆனா லிஃப்ட்ல அமுக்கணுமே, அதனால போர்டுல இருக்குற நம்பர அழிக்காம பக்கத்துலயே வைங்க. B1 அடித்தளம், அங்க பெரும்பாலும் சாப்பாட்டு ஐட்டம் தான், ஆப் அங்க பொம்பளைங்க டிரஸ்னு காட்டுனா வரி கலந்துருச்சுன்னு அர்த்தம். பக்கத்துல பக்கத்துல ரெண்டு பத்தியா இருக்குற போர்ட ஆப் குறுக்கால படிச்சிரும், அதனால ஒவ்வொரு மாடியையும் தனியா க்ராப் பண்ணி போடுங்க. 'கை கழுவுமிடம்'னு வந்தா அது டாய்லெட் தான், பக்கத்துல இருக்குற படத்த பாத்தாலே தெரியும்.