பின்னிய லூப்களை எப்படிப் பிரிப்பது?

"பிளாக் டயகிராமில் இரண்டு ஃபீட்பேக் லூப்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எதை முதலில் சுருக்குவது? டேக்-ஆஃப் பாயிண்டை நகர்த்தினால் ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருகிறதே!"

பின்னிய நிலையில் எதையும் சுருக்க முடியாது. `G/(1+GH)` சூத்திரம் செல்ல, ஒரு லூப்புக்குள் வேறு டேக்-ஆஃப், சம்மிங் பாயிண்ட் என்று எந்த முடிச்சும் இருக்கக் கூடாது. அதனால் முதல் வேலை முடிச்சை வெளியே தள்ளுவதுதான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். உள்ளீடு R. முன்பாதையில் `G1 = 10`, `G2 = 1/(s+1)`, `G3 = 1/s` வரிசையாக இருக்கின்றன. G2-வின் வெளியீட்டிலிருந்து `H1 = 0.1` வழியாக ஒரு கோடு G1-க்கு முன்னால் உள்ள சம்மிங் பாயிண்டுக்கு வருகிறது. கடைசி வெளியீடான C-யிலிருந்து `H2 = 2` வழியாக இன்னொன்று G1-க்கும் G2-வுக்கும் நடுவில் உள்ளதற்கு வருகிறது. இரண்டுமே நெகட்டிவ். G2 இரண்டு லூப்பிலும் இருப்பதுதான் பின்னல்.

H1 புறப்படும் புள்ளியை G3-ஐத் தாண்டி C-க்குக் கொண்டுபோங்கள். அங்கே கிடைப்பது G3-யால் பெருக்கப்பட்ட சிக்னல். H1-க்கு வேண்டியதோ பெருக்கப்படாத பழையது. ஆகவே அந்தக் கிளையை G3-யால் வகுக்க வேண்டும்: `H1/G3 = 0.1s`. பெருக்குவதா, வகுப்பதா என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். கிளையில் போகும் சிக்னல் மாறக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது உள்ளே H2 லூப் தனியாக நிற்கிறது. அதை மூடி, G1-ஐச் சேர்த்து, வெளி லூப்பையும் மூடினால்:

```
G2*G3/(1 + G2*G3*H2) = 1/(s^2 + s + 2)
C/R = 10/(s^2 + s + 2 + 10*0.1*s)
    = 10/(s^2 + 2s + 2)
```

விடை சரியா என்று படத்தை வைத்தே பார்த்துவிடலாம். உள்ளீடு 1 என்று நிலையாக இருக்கட்டும். வெளியீடு அசையாமல் நிற்க வேண்டுமானால், இன்டிகிரேட்டரான G3-க்குள் போவது 0 ஆக இருக்க வேண்டும். அப்போது H1-லும் ஒன்றும் வராது. G2-வின் உள்ளீடும் 0. அதாவது `10 - 2C = 0`, எனவே C = 5. மேலே s = 0 போட்டாலும் 10/2 = 5.

வகுக்க மறந்து H1-ஐ அப்படியே விட்டிருந்தால் `10/(s^2 + s + 3)` வரும்; s = 0-இல் 3.33. வகுப்பதற்குப் பதில் பெருக்கியிருந்தால் பகுதியில் `s^3` வந்து நிற்கும். படத்தில் இருப்பது ஒரு `1/(s+1)`, ஒரு `1/s` மட்டும். மூன்றாம் படி எங்கிருந்து வரும்? உங்களுக்கு வரும் வேறு வேறு விடைகள் பெரும்பாலும் இந்த இரண்டு வகைதான்.

அப்புறம், சம்மிங் பாயிண்டை நகர்த்தினால் விதி தலைகீழ்: பிளாக்கைத் தாண்டி முன்னே போனால் கிளையைப் பெருக்க வேண்டும். நான் முடிந்தவரை டேக்-ஆஃப்பைத்தான் நகர்த்துவேன். ஒரு சம்மிங் பாயிண்டையும் டேக்-ஆஃப்பையும் இடம் மாற்றுவதைத் தொடவே மாட்டேன். அங்கே கூடுதல் கிளை ஒன்று முளைத்து, படம் முன்பைவிடச் சிக்கலாகிவிடும்.