மாடி ஒன்றைக் கூட்டும்போது யன்னல்களும் கூடிவிடாதிருக்க: வாசகர் கேள்வி-பதில்

வீட்டுக்கு அல்லது கடைக்கு மேல் இன்னொரு தளம் எழுப்பினால் எப்படி இருக்கும் என்பதைப் படத்திலே காட்டச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பயன்படுத்துவோர் அனுப்பிய கேள்விகளில் ஐந்தை எடுத்துக்கொண்டுள்ளேன். மட்டக்களப்பில் கட்டட வரைபட வேலையில் இருக்கும் எனக்கும் நாளாந்தம் எதிர்ப்படும் சிக்கல் இதுவே.

கேள்வி (கல்முனை): பிரதான வீதியில் உள்ள இரண்டு தளக் கடைக்கட்டடம் ஒன்றை மூன்று தளமாகக் காட்ட வேண்டியிருந்தது. கீழே மூன்று ரோலர் ஷட்டர்கள், மேலே ஐந்து யன்னல்கள். “ஒரு தளம் கூட்டு” என்று எத்தனை விதமாக எழுதினாலும் சில வேளை நான்கு தளம் வருகிறது, சில வேளை யன்னல்கள் ஆறாகின்றன. இதை எப்படித் தடுப்பது?

பதில்: படத்தை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரி எண்ணிப் பார்த்து வரைவதில்லை. ஒரே மாதிரியான யன்னல்களின் வரிசை அதற்கு ஓலைப் பாயின் பின்னல் போன்ற ஒரு கோலம். கொடுத்த இடம் நிரம்பும்வரை அந்தக் கோலத்தைத் தொடர்ந்துகொண்டே போகும். ஆகவே தள எண்ணிக்கையையும் யன்னல் எண்ணிக்கையையும் தீர்மானிப்பது நீங்கள் எழுதும் வசனத்தைவிட, நீங்கள் திறந்துவிடும் இடத்தின் உயரமும் அந்த இடத்தில் முன்கூட்டியே இருக்கும் கோடுகளுமே. செயலி மாற்றி வரைய வேண்டிய இடத்தைக் குறிப்பதே மாஸ்க். அதை ஒன்றரைத் தள உயரத்துக்குப் போட்டால், நெருக்கிய இரண்டு தளங்களோ ஒரு தளமும் பெரியதொரு கூரையோ வந்து சேரும்.

உங்கள் கட்டடத்தையே அளவோடு எடுத்துக்கொள்வோம். படம் நேர்முகமாக எடுக்கப்பட்டது, அகலம் 1200 பிக்சல், உயரம் 1000 பிக்சல் என்று வையுங்கள். மேலிருந்து எண்ணினால் தரைமட்டம் 900இலும், முதலாம் மாடித் தட்டு 640இலும், மொட்டைமாடித் தட்டு 440இலும், கைப்பிடிச் சுவரின் உச்சி 380இலும் இருக்கின்றன. கடைத்தளம் 13 அடி என்றால் அதற்கு 260 பிக்சல். அடிக்கு 20 பிக்சல். மேல்தளத்துக்குக் கிடைக்கும் 200 பிக்சல் 10 அடியாகிறது, கைப்பிடிச் சுவர் 3 அடியாகிறது. மூன்றும் நம்பக்கூடிய அளவுகளாக இருப்பதால் நாம் தட்டுகளைச் சரியாக அடையாளங்கண்டிருக்கிறோம் என்று கொள்ளலாம். புதிய தளத்துக்கும் இதே 200 பிக்சல்தான்.

இப்போது 640 முதல் 380 வரையான பட்டையை, அதாவது மேல்தளத்தையும் கைப்பிடிச் சுவரையும் சேர்த்து, நகலெடுத்து ஒரு புதிய லேயரில் வைத்துச் சரியாக 200 பிக்சல் மேலே நகர்த்துங்கள். அது 440 முதல் 180 வரையான இடத்தில் அமர்ந்து, பழைய கைப்பிடிச் சுவரை முழுமையாக மூடிவிடும். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்: பழைய கைப்பிடிச் சுவரை விட்டுவைத்து, அதன் உச்சியிலிருந்து மாஸ்க்கைத் தொடங்குகிறார்கள். அந்த 60 பிக்சல் பட்டையை மாதிரி ஒரு பல்கனியாகவோ குட்டித் தளமாகவோ வாசிக்கிறது. நான்காவது தளம் பெரும்பாலும் அங்கிருந்தே பிறக்கிறது. பிற்காலத்தில் தளம் எழுப்புவதற்காகத் தூண்களில் நீட்டி விட்டிருக்கும் கம்பிகளையும் தண்ணீர்த் தாங்கியையும் இதே படியில் வானத்தின் நிறத்தால் அழித்துவிடுங்கள். வானத்தில் நிற்கும் செங்குத்துக் கோடுகளை மாதிரி தூண்களாக எடுத்துக்கொண்டு அவற்றுக்கு மேல் கட்டத் தொடங்கும்.

மாஸ்க்கை 440 முதல் 170 வரை மட்டும் போடுங்கள். அதன் கீழ் எல்லை தட்டின் கோட்டில் விழ வேண்டுமேயன்றி ஒரு யன்னலின் நடுவில் விழக்கூடாது. Stable Diffusion WebUI பயன்படுத்துபவரானால் `Masked content` என்பதை `original` ஆகவும், `Inpaint area` என்பதை `Only masked` ஆகவும், `Denoising strength` என்பதை 0.35 அளவிலும் வைத்துத் தொடங்குங்கள். 0.3க்கும் 0.4க்கும் இடையில் நீங்கள் ஒட்டிய ஐந்து யன்னல்களும் தம் இடத்தில் நிற்கும். ஒட்டின் விளிம்பும் நிற வேறுபாடும் மட்டும் சரியாகும். 0.7ஐத் தாண்டினால் ஒட்டியது ஏறக்குறைய அழிந்து, மாதிரி தன் விருப்பத்துக்கு எண்ணத் தொடங்கும். `Only masked padding` இயல்பாக 32 பிக்சலில் இருக்கும். அதை 200க்கு உயர்த்துங்கள். அப்போதுதான் வரையும் நேரத்தில் கீழுள்ள தளம் முழுமையாக அதன் பார்வையில் இருக்கும்.

யன்னல் வடிவையோ சுவர்ப் பூச்சையோ மாற்ற வேண்டி `Denoising strength` அளவை 0.6 வரை உயர்த்த நேர்ந்தால், ஒட்டிய படத்திலிருந்தே கோடுகளை எடுத்து, அந்தக் கோடுகளின்படியே வரையவைக்கும் ControlNet வழியாகக் கட்டிவையுங்கள். நேர்கோடுகளை மட்டும் எடுக்கும் `mlsd` சதுர யன்னல்களுக்குப் பொருந்தும். மேலே வளைவு வைத்த யன்னல்களை அது தவறவிடும் என்பதால், அவற்றுக்கு `canny` வேண்டும்.

படம் தூரத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் இவ்வளவும் செய்தும் யன்னல்கள் கலங்கலாம். Stable Diffusion படத்தை நேரடியாகக் கையாளாமல் ஒவ்வொரு பக்கத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய வடிவத்தில் வேலை செய்கிறது. 20 பிக்சல் அகல யன்னல் அதற்கு இரண்டரைக் கட்டம்தான். அந்தப் பகுதியை வெட்டிப் பெரிதாக்கி வேலை செய்துவிட்டு மீளச் சுருக்கி ஒட்டுவதே இதற்கு வழி.

கேள்வி (காத்தான்குடி): நான் கைத்தொலைபேசியில், எழுதிக் கேட்கும் செயலியையே பயன்படுத்துகிறேன். அதில் மாஸ்க் போட வழியில்லை. புதிய தளம் நன்றாக வருகிறது, ஆனால் பழைய தளத்தின் யன்னல்களும் மாறிவிடுகின்றன.

பதில்: இவ்வகைச் செயலி பெரும்பாலும் படம் முழுவதையும் புதிதாக வரைந்தே தருகிறது. பழைய தளம் என்று நீங்கள் காண்பது பழைய தளத்தைப் பார்த்து வரைந்த இன்னொன்று. ஆகவே அது தந்த படத்தைக் கீழேயும் உங்கள் மூலப்படத்தை மேலேயும் இரண்டு லேயர்களாக வைத்து, மூலப்படத்தில் மொட்டைமாடித் தட்டுக்கு மேலுள்ள பகுதியை மட்டும் அழித்துவிடுங்கள். தட்டின் கோடு இரண்டிலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தாவிட்டால் கட்டடத்தின் அளவையே செயலி மாற்றியிருக்கிறது. அந்த முடிவைத் திருத்த முயலாமல் கைவிடுவதே நல்லது.

வசனமாக எழுதும்போது “இன்னும் ஒரு தளம்” என்று கூட்டல் கணக்காகச் சொல்லாமல், முடிவில் இருக்க வேண்டிய கட்டடத்தைக் கீழிருந்து மேலாகச் சொல்லுங்கள்:

```
Three-storey building in total.
Ground floor: three roller shutters.
Middle floor: five windows, unchanged.
Top floor: five windows, each directly above the one below.
```

“third floor” என்று எழுதாதீர்கள். நாம் தரைத்தளத்துக்கு அடுத்ததை முதலாம் மாடி என்போம். அமெரிக்க வழக்கில் தரைத்தளமே முதலாவது. இந்த ஒரு சொல்லாலேயே ஒரு தளம் கூடிவிடலாம். அத்துடன், வந்த படத்தையே திரும்பக் கொடுத்து “யன்னலை ஐந்தாக்கு” என்று திருத்திக்கொண்டு போகவும் வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் படம் மீள வரையப்படுவதால் பிழை சேர்ந்துகொண்டே போகும். வசனத்தைத் திருத்தி, ஒவ்வொரு முறையும் மூலப்படத்திலிருந்தே தொடங்குங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): எங்கள் வீடு மூலைக்காணியில் இருப்பதால் படத்தைச் சரிவாகவே எடுக்க முடிகிறது. தளத்தை வெட்டி மேலே ஒட்டினால் கோணலாக நிற்கிறது.

பதில்: முதலில் கட்டடத்தின் நிலைக்குத்து விளிம்புகள் படத்தில் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக உள்ளனவா என்று பாருங்கள். கைத்தொலைபேசியை அண்ணாந்து பிடித்திருந்தால் அவை மேலே போகப்போக நெருங்கும். அதைப் படத்திருத்தச் செயலியில் நிமிர்த்திய பின்பே தொடர வேண்டும். நிமிர்ந்த படத்தில் ஓர் ஒழுங்கு உண்டு: ஒரே நிலைக்குத்து விளிம்பில் சம உயரமான தளங்கள் சம அளவாகவே தெரியும். உங்களுக்கு மிக அருகில் உள்ள மூலை விளிம்பில் மேல்தளம் 240 பிக்சல் என்றால், அதே விளிம்பில் மேலும் 240 பிக்சலைக் குறியுங்கள்.

அடுத்து, ஒரு சுவரின் தரைக்கோட்டையும் தட்டுக்கோட்டையும் தூரப்பக்கமாக நீட்டினால் அவை ஒரு புள்ளியில் சந்திக்கும். நீங்கள் குறித்த இடத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு இழுக்கும் கோடுதான் புதிய தளத்தின் உச்சி. அது கீழுள்ள தட்டுக்கோட்டைவிடக் கூடுதலாகச் சரியும், அதுவே சரியானது. வெட்டிய பட்டையின் நான்கு மூலைகளையும் இந்தக் கோடுகளுக்கு இழுத்துப் பொருத்துங்கள். மற்றச் சுவருக்கு அதன் பக்கத்தில் வேறொரு சந்திப்புப் புள்ளி இருப்பதால், இரண்டு சுவர்களையும் தனித்தனியாகவே செய்ய வேண்டும்.

ஒட்டிய பின்னும் ஏதோ பொருந்தாதது போலத் தோன்றினால் யன்னல்களின் மேலுள்ள மழைத்தடுப்புத் தட்டுகளைப் பாருங்கள். தளம் உயர உயர அவற்றின் அடிப்பக்கம் கூடுதலாகத் தெரிய வேண்டும். நகலெடுத்த தளத்தில் அது கீழ்த்தளத்தின் அளவிலேயே நிற்கும். அந்த அடிநிழலைச் சில பிக்சல் தடிப்பாக்கினால் கண்ணுக்குச் சரியாகிவிடும்.

கேள்வி (கல்லடி): முற்றத்துத் தென்னைகள் இரண்டு யன்னல்களை மறைக்கின்றன. ஒவ்வொரு முறையும் ஓலைகளுக்கு இடையில் வேறு வேறு எண்ணிக்கையில் யன்னல்கள் முளைக்கின்றன.

பதில்: தென்னைகளைத் தனி லேயராக வெட்டியெடுத்து ஒதுக்கிவையுங்கள். மறைந்த இரண்டு யன்னல்களின் இடங்களையும் வீட்டுக்காரரிடம் கேட்டு அல்லது நேரில் அளந்து, தெரிகின்ற யன்னலொன்றை நகலெடுத்து நிரப்புங்கள். அதன் பின்பே தளத்தை உயர்த்தி, எல்லாம் முடிந்ததும் தென்னைகளை முன்னால் திரும்ப வையுங்கள். ஓலையை மாஸ்க்குக்குள் விட்டுவைத்தால் எந்த அமைப்பாலும் எண்ணிக்கையைக் காக்க முடியாது.

கேள்வி (வாழைச்சேனை): வாடிக்கையாளரிடம் கொடுக்கும் முன் எல்லாம் சரிதான் என்று எப்படி உறுதிப்படுத்துவது? எண்ணிப் பார்த்தும் ஒரு தடவை தவறவிட்டேன்.

பதில்: பழைய பகுதிக்கும் புதிய பகுதிக்கும் வெவ்வேறு சோதனை வேண்டும். பழைய பகுதியை எண்ணத் தேவையில்லை. அது ஒரு பிக்சலும் மாறாதிருக்க வேண்டும். மாஸ்க்குக்கு வெளியே உள்ள இடமும் சுருக்கி விரிக்கும்போது சிறிதளவு மாறக்கூடும் என்பதால், எந்தச் செயலியில் செய்திருந்தாலும் கடைசிப் படியாக மூலப்படத்தின் 440க்குக் கீழுள்ள பகுதியை அதே இடத்தில் மேல் லேயராக ஒட்டி, PNG ஆகச் சேமியுங்கள். பின்பு ImageMagick என்ற கட்டளைவரி மென்பொருள் இருந்தால் இரண்டையும் ஒப்பிடலாம்:

```
magick old.png -crop 1200x560+0+440 +repage a.png
magick new.png -crop 1200x560+0+440 +repage b.png
magick compare -metric AE a.png b.png diff.png
```

விடை 0 வந்தால் கீழ்ப்பகுதி அப்படியே இருக்கிறது. GIMPஇல் இரண்டு லேயர்களை வைத்து `Difference` முறையில் பார்த்தாலும் போதும்: கீழ்ப்பகுதி முழுக் கறுப்பாகத் தெரிய வேண்டும். JPEG ஆகச் சேமித்துவிட்டு இச்சோதனையைச் செய்தால் இல்லாத வேறுபாடுகள் தெரியும்.

புதிய தளத்தில் யன்னல்களை “ஒன்று, இரண்டு” என்று எண்ணாதீர்கள். ஒரே மாதிரியானவற்றை எண்ணும்போது கண் தவறுவது இயல்பு. பழைய தளத்தின் ஒவ்வொரு யன்னலின் நடுவிலிருந்தும் மேல்நோக்கி ஒரு நிலைக்குத்துக் கோட்டை வரையுங்கள். ஒவ்வொரு கோடும் புதிய தளத்தில் ஒரே ஒரு யன்னலின் நடுவைத் தொட வேண்டும். எந்தக் கோட்டிலும் படாத யன்னல் ஒன்று நின்றால் அதுவே கூடுதலாக முளைத்தது. தளங்களுக்கும் இவ்வாறே யன்னல் வரிசைகளை விட்டுவிட்டுத் தட்டுகளை எண்ணுங்கள்: கல்முனைக் கட்டடத்தில் தரைக்கோட்டுக்கு மேல் 640, 440, 240 ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே தட்டு விளிம்பு தெரிய வேண்டும்.