வாடி போடி தோழி மேலதிகாரியானால்

கேள்வி: என்னோடு ஆறு வருடமாக ஒரே பிரிவில் வேலை பார்த்த தோழி, வரும் திங்கள் முதல் எனக்கு மேலதிகாரி. அந்தப் பதவிக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன். இதுவரை வாடி போடிதான். இனி 'மேடம்' என்று கூப்பிட வேண்டுமா? கூப்பிட்டால் எங்கள் நட்பு என்ன ஆகும்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: உங்கள் அலுவலகத்தில் மேலதிகாரியை மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? எல்லோரும் மேடம் என்றால், அவர்கள் காதில் விழும் இடத்தில் நீங்களும் மேடம் என்று சொல்லுங்கள். எல்லோரும் பெயர் சொல்லி 'நீங்க' என்று பேசும் இடமாக இருந்தால் நீங்களும் அப்படியே பேசுங்கள். அங்கே நீங்கள் ஒருவர் மட்டும் மேடம் என்றால் அது மரியாதையாகக் கேட்காது, குத்தலாகக் கேட்கும். அதுவும் அந்தப் பதவியைக் கேட்டுக் கிடைக்காத ஒருவரின் வாயிலிருந்து வரும்போது, நீங்கள் அப்படி நினைக்காவிட்டாலும் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் தோழியும்தான்.

'டி'யை விட வேண்டியது தோழியின் கௌரவத்துக்காக என்று நினைத்தால் உங்களுக்கு எரிச்சல்தான் வரும். பிரிவில் இருக்கும் மற்றவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு லீவு தருவதும் வேலை பிரிப்பதும் வருடக் கடைசியில் மதிப்பெண் போடுவதும் இனி அவர்தான். நடுக்கூடத்தில் "என்னடி, இன்னைக்கு லேட்டு?" என்று நீங்கள் கேட்டால், உங்களுக்கு ஒரு நல்ல மதிப்பெண் கிடைக்கும்போது அது உழைப்புக்குக் கிடைத்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவங்க கேப்பாங்க" என்று யாராவது உங்களிடம் சிபாரிசுக்கு வந்தால், பேச்சு முறை இன்னும் மாறவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை.

இன்னொரு பாதி உங்கள் தோழியின் கையில் இருக்கிறது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். நீங்கள் 'நீங்க' என்கிறீர்கள், அவர் பழைய பழக்கத்தில் எல்லோர் முன்னாலும் "இதை முடிச்சிட்டியாடி?" என்கிறார். அவர் அதை அன்பாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் நீங்கள் ஒரே நாளில் தாழ்ந்துபோனதுபோல உணர்வீர்கள், அது நியாயமும்கூட. ராஜர் பிரௌன், ஆல்பர்ட் கில்மன் என்ற இரு ஆய்வாளர்கள் ஐரோப்பிய மொழிகளில் 'நீ', 'நீங்கள்' புழங்கும் விதத்தை ஆராய்ந்து 1960இல் எழுதினார்கள். இருவரும் ஒரே சொல்லைப் பரிமாறிக்கொண்டால் அது சமத்துவம் அல்லது நெருக்கம், ஒருவர் 'நீ' என்று சொல்லி 'நீங்கள்' வாங்கிக்கொண்டால் அது அதிகாரம் என்பது அவர்கள் கண்டது. நம் மொழிக்கும் இது அப்படியே பொருந்தும். அதனால் பிறர் முன்னால் இருவரும் 'நீங்க', தனியே இருவரும் 'நீ'. இரண்டு இடத்திலும் இரண்டு பேருக்கும் ஒரே அளவு. இப்படி வைத்துக்கொண்டால் நட்புக்கு ஒன்றும் ஆகாது.

இது தானாக அமையும் என்று விட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமைக்கு முன்பே போன் செய்யுங்கள். முதலில் வாழ்த்துங்கள். அப்புறம் நேராகச் சொல்லுங்கள்: "மத்தவங்க இருக்கும்போது உன்னை நீங்கன்னுதான் கூப்பிடப்போறேன். நீயும் என்னை அப்படியே கூப்பிடு. நாம மட்டும் இருக்கும்போது பழையபடி." இரண்டு நிமிடப் பேச்சு. இதை நீங்கள் தொடங்குவதுதான் நல்லது. அவரே "இனிமே என்னை நீங்கன்னு கூப்பிடு" என்று கேட்கும்படி ஆனால், அந்த வாக்கியத்தை அவராலும் மறக்க முடியாது, உங்களாலும் முடியாது. தனியே பழையபடி பேசலாமா என்பதில் மட்டும் முடிவை அவரிடம் விடுங்கள். அவர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். கொஞ்ச மாதம் போகட்டும், புதுப் பொறுப்பு பழகியதும் அவரே திரும்பி வரலாம்.

அதே போனில் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். "எனக்குக் கிடைக்கலன்னு வருத்தம் இருக்கு. அது உன் மேல கோபம் இல்லை." உங்கள் கேள்வியில் விண்ணப்பித்ததை ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிட்டீர்கள், எனக்கு அந்த வரிதான் பெரிதாகத் தெரிகிறது. இதைச் சொல்லாமல் வைத்திருந்தால் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு 'நீங்க'விலும் அவர் அந்த வருத்தத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

முதல் வாரத்தில் உங்களையே கொஞ்சம் கவனியுங்கள். 'நீ'யும் வராமல் 'நீங்க'வும் வராமல், "அந்த ஃபைல் பார்த்தாச்சா?", "நாளைக்கு மீட்டிங் உண்டா?" என்று ஆளே இல்லாத வாக்கியங்களாகப் பேசத் தொடங்குவீர்கள். தமிழ் இதற்குத் தாராளமாக இடம் கொடுக்கும், மாதக்கணக்கில்கூட ஓட்டலாம். அப்படி ஓட்டினால் காலையில் அவரைப் பார்த்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல் போனைப் பார்ப்பதுபோல நடந்துபோக வேண்டிவரும். அதனால் முதல் நாள் காலையே, நாலு பேர் இருக்கும்போது, பெயரோ மேடமோ வாய்விட்டுச் சொல்லி "குட் மார்னிங்" சொல்லிவிடுங்கள். முதல் தடவைதான் கூச்சம். பேச்சின் நடுவே 'டி' நழுவினால் அங்கேயே மன்னிப்புக் கேட்டு அதைப் பெரிதாக்க வேண்டாம், அடுத்த வாக்கியத்தை 'நீங்க'வில் தொடருங்கள், போதும்.

அவர் இல்லாத இடத்தில் "அவ சொல்லிட்டா" என்பதும் மாற வேண்டும். நேரில் 'நீங்க', முதுகுக்குப் பின்னால் 'அவ' என்றால் கேட்பவர்கள் இரண்டாவதைத்தான் உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள். லீவு, வேலை மாற்றம் போன்றவற்றை இரவு பத்து மணிக்குச் சொந்தப் போனில் "நாளைக்கு வரலடி" என்று முடித்துவிடாதீர்கள். மற்றவர்கள் எப்படிக் கேட்கிறார்களோ அப்படியே எழுதிக் கேளுங்கள். 'டி' போட்டுக் கேட்டதை மறுப்பது அவருக்குக் கஷ்டம். அந்தக் கஷ்டத்தை நீங்கள் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது.

இதே நிலையில் இருக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: தோழிக்குப் பதில், நீங்கள் வேலை சொல்லிக்கொடுத்த இளையவர் மேலே வந்திருந்தால் போன் பேச்சில் பாதி தேவைப்படாது, ஏனென்றால் அங்கே அவர் உங்களை ஏற்கெனவே 'நீங்க' என்றுதான் பேசுவார். மாற வேண்டியவர் நீங்கள் மட்டும்தான். அதில் சிக்கலான சொல் 'தம்பி'. பாசமான சொல்தான், ஆனால் கூட்டத்தில் "தம்பி, நீ சொல்றது சரிவராது" என்றால் அவர் சொன்ன யோசனையோடு சேர்ந்து அவருடைய பதவியும் அடிபடும். பெயர் சொல்லி 'நீங்க' என்று பேசுங்கள். அவர் உங்களை 'அண்ணே', 'அக்கா' என்று தொடர்ந்து கூப்பிட்டால் தடுக்க வேண்டாம். அவர் உங்கள் வயதுக்குக் கொடுக்கிறார், நீங்கள் அவர் பொறுப்புக்குக் கொடுக்கிறீர்கள். இருவரும் 'நீங்க' என்று சொல்லும்வரை இதில் யாருக்கும் குறைவில்லை. "நான் சொல்லிக்கொடுத்த பையன்" என்று புதிதாக வருபவர்களிடம் அறிமுகம் செய்வதையும் நிறுத்திவிடுங்கள். அவர் வேறு இடத்தில் தானாகவே அதைச் சொன்னால் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.