ஸ்கிரீன்ஷாட்டில் வந்த விளம்பரத்துக்குக் கவரிங் லெட்டர்

கேள்வி: கணக்காளர் வேலை விளம்பரம் ஒன்று வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட்டாக வந்தது. அதற்குப் பொருத்தமாகக் கவரிங் லெட்டர் எழுதுவது எப்படி?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வரும் விண்ணப்பங்களை முதலில் பிரிப்பவன் நான்தான். கவரிங் லெட்டரை யாரும் படிப்பதில்லை என்று இங்கே சிலர் வாதிடக்கூடும். பெரிய நிறுவனங்களில் அப்படி இருக்கலாம். எங்களைப் போன்ற இடங்களில் மின்னஞ்சலைத் திறந்ததும் கண்ணில் படுவதே அதுதான்.

முதலில் படத்தில் உள்ளதை எழுத்தாக மாற்றிக்கொள்ளுங்கள். கூகுள் லென்ஸ் போதும்; ஆனால் பல கை மாறி மங்கிய படத்தில் அது rn என்பதை m என்று படித்துவிடும், அடிக்கோடிட்ட முகவரியில் உள்ள _ குறியை விட்டுவிடும். ஆகவே மின்னஞ்சல் முகவரியை மட்டும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். படத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருந்தால் கடைசித் தேதியும் அதோடு போயிருக்கலாம் என்பதால், நிறுவனத்தின் தளத்தில் மூல விளம்பரத்தைத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

இப்போது, "டேலி பிரைம், ஜிஎஸ்டி ரிட்டர்ன் அவசியம், ஏற்றுமதி ஆவண அனுபவம் இருந்தால் முன்னுரிமை, எதிர்பார்க்கும் சம்பளத்தைக் குறிப்பிடவும்" என்று விளம்பரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'அவசியம்' என்றிருப்பதற்கான பதில் கடிதத்தின் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். அங்கே பலர் "எனக்கு டேலி, ஜிஎஸ்டி நன்றாகத் தெரியும்" என்று விளம்பரத்தையே எங்களுக்குத் திருப்பி எழுதி அனுப்புகிறார்கள். உண்மையைச் சொன்னால் எரிச்சலாக இருக்கிறது. அதற்குப் பதிலாக, "மாதந்தோறும் 2பி அறிக்கையைக் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டு, அதில் ஏறாத பில்களுக்குச் சப்ளையரிடம் பேசி, 20-ஆம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்துவருகிறேன்" என்று எழுதினால், இவர் அந்த வேலையைச் செய்தவர் என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும். நீங்கள் உண்மையில் செய்ததை மட்டும் எழுதுங்கள். நேர்காணலில் அடுத்த கேள்வியே அந்த வரியிலிருந்துதான் வரும்.

'முன்னுரிமை' என்று கேட்டது உங்களிடம் இல்லை என்பது தகுதி நீக்கம் அல்ல. ஷிப்பிங் பில்லைத் தொட்டதில்லை என்றால் அதை மறைக்காமல், அதற்கு அருகில் நிற்கும் வேலையைச் சொல்லுங்கள்: "ஏற்றுமதி ஆவணங்களை நேரடியாகக் கையாண்டதில்லை, உள்நாட்டுச் சரக்குக்கு இன்வாய்ஸும் ஈ-வே பில்லும் நானே போடுகிறேன்." இரண்டாம் பத்திக்கு இது போதும்.

சம்பளத்தைக் கேட்டிருந்தால் "நிறுவன விதிகளின்படி" என்று நழுவாமல் ஒரு தொகையையோ வரம்பையோ எழுதுங்கள். கேட்டதற்குப் பதில் இல்லாத கடிதத்தை நாங்கள் ஓரமாக வைத்துவிடுகிறோம். இது கறாராகத் தோன்றலாம், ஆனால் விளம்பரத்தை முழுவதும் படித்தவர் யார் என்பது எங்களுக்கு அந்த இடத்தில்தான் தெரிகிறது.

கடிதத்தை மின்னஞ்சலின் உடலிலேயே எழுதி, பயோடேட்டாவை மட்டும் பிடிஎஃப் கோப்பாக இணையுங்கள். பொருள் வரியில், பதவியின் பெயர் விளம்பரத்தில் எப்படி உள்ளதோ அப்படியே இருக்கட்டும். ஒரே முகவரிக்கு மெர்ச்சன்டைசர் வேலைக்கான விண்ணப்பங்களும் வருவதுண்டு.