வயிற்றுப் பெருந்தமனி வீக்கம்: 4.8 எப்படி ஒன்றரை மாதத்தில் 5.6 ஆனது?

இதயத்திலிருந்து இறங்கி வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெருந்தமனி, சாதாரணமாக 2 செ.மீ. அகலம் இருக்கும். அது 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்தால் அனியூரிசம் என்கிறோம். வந்திருக்கும் கடிதங்கள் எல்லாமே ரிப்போர்ட்டில் உள்ள ஒரே ஒரு எண்ணைப் பற்றியவை.

எங்கள் அப்பாவுக்கு 68 வயது. வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் 4.8 செ.மீ. என்றார்கள். ஒன்றரை மாதம் கழித்து சிடி ஸ்கேன் எடுத்தால் 5.6 x 4.9 என்று வந்திருக்கிறது. இவ்வளவு வேகமாக வளருமா? உடனே ஆபரேஷன் என்கிறார்கள், கை கால் ஓடவில்லை. - கோபிசெட்டிபாளையம்

பயப்பட வேண்டாம் அம்மா. வளர்ந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, அளந்த விதம்தான் மாறியிருக்கிறது. இந்த அளவில் இருக்கும் அனியூரிசம் வருடத்துக்கே 2, 3 மி.மீ. வளர்வதுதான் வழக்கம். ஒன்றரை மாதத்தில் 8 மி.மீ. என்றால் முதலில் அளவைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சிடி நம் உடம்பை நேர் குறுக்காக வெட்டிக் காட்டுகிறது. ஆனால் வயதாகி விரிந்த பெருந்தமனி நேராக ஓடாது, நெளிந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கரும்பைச் சாய்த்து வெட்டினால் வெட்டு முகம் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தெரியும், கரும்பின் பருமன் என்னவோ அதேதான். உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் இருக்கின்றன பாருங்கள்: நீளவாக்கில் 5.6, குறுக்கில் 4.9. இரண்டும் இவ்வளவு வேறுபட்டாலே தமனி சாய்வாக வெட்டுப்பட்டிருக்கலாம் என்று அர்த்தம். சாய்வு 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால் அசல் அகலம் சுமார் 15 சதவீதம் கூடுதலாகத் தெரியும். 4.85 செ.மீ. தமனி 5.6 ஆகத் தெரிய அது போதும். அப்படியானால் பழைய 4.8-ம் இந்த 4.9-ம் ஒத்துப்போகின்றன. சாதாரணமாகவே அல்ட்ராசவுண்ட், சிடியைவிட இரண்டு மூன்று மி.மீ. குறைத்துக் காட்டும்.

அதற்காகச் சின்ன எண்ணே சரி என்று நீங்களாக முடிவு செய்துவிடக் கூடாது. வீக்கமே வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தால், சின்ன எண் ஆபத்தைக் குறைத்துக் காட்டிவிடும். சரியான வழி ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் தமனியின் நடுவாக ஒரு கோடு வரைந்து, அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக வெட்டி, வெளிச்சுவரிலிருந்து எதிர் வெளிச்சுவர் வரை அளப்பது. இதற்குப் புதிதாக ஸ்கேனோ, கான்ட்ராஸ்ட் ஊசியோ வேண்டியதில்லை. எடுத்த ஸ்கேன் படங்கள் பதிந்த வட்டை வாங்கி ரத்தக்குழாய் அறுவை நிபுணரிடம் கொடுங்கள். வாங்கும்போது 1 மி.மீ. மெல்லிய வெட்டுகள் அதில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். 5 மி.மீ. தடித்த வெட்டுகள் மட்டும் இருந்தால் படம் படிக்கட்டு மாதிரி உடைந்துவிடும், திருத்தி அளப்பது சிரமம். அப்படி அளந்தும் 5.5-ஐத் தாண்டினால் ஆபரேஷன் பேச்சு நியாயம்தான்.

அது என்ன 5.5 கணக்கு? 5.3 இருக்கும் என்னை ஆறு மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள். வெடிக்கும் வரை காத்திருப்பதா? - திருப்பூர்

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் இந்த எண் யாரோ உத்தேசமாகச் சொன்னது அல்ல. பிரிட்டனில் 4.0 முதல் 5.5 செ.மீ. வரை அனியூரிசம் இருந்த 1090 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு உடனே வயிற்றைத் திறந்து ஆபரேஷன். மறு பாதிக்கு ஸ்கேன் மூலம் கண்காணிப்பு, 5.5-ஐத் தாண்டினாலோ வலி வந்தாலோ மட்டும் ஆபரேஷன். 1998-ல் முடிவு வந்தபோது இரு பக்கமும் உயிரோடு இருந்தவர்கள் கிட்டத்தட்ட சமம். காத்திருந்தவர்களுக்கு வெடிக்கும் ஆபத்து வருடத்துக்கு நூற்றில் ஒருவர் அளவில்தான் இருந்தது. உடனே ஆபரேஷன் செய்துகொண்டவர்களிலோ 5.8 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் இறந்துபோனார்கள். 2002-ல் அமெரிக்காவில் வந்த ஆய்வும் இதையே சொன்னது. பிறகு தொடை வழியாக ஸ்டென்ட் வைக்கும் முறை வந்து ஆபரேஷன் ஆபத்து குறைந்தது. அப்போதும் சின்ன அனியூரிசத்துக்கு முன்கூட்டியே வைப்பதால் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை.

அளவு ஏன் முக்கியம் என்றால், குழாய்ச் சுவரில் விழும் இழுவிசை, உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் குழாயின் ஆரத்தையும் பெருக்கினால் வருவது. பிரஷர் அதேதான் என்றாலும் 2 செ.மீ. குழாய் 5.5 ஆனால் இழுவிசை இரண்டே முக்கால் மடங்காகும். அதைத் தாங்க வேண்டிய சுவரோ நைந்து பலவீனமாகியிருக்கும். அதனால்தான் பெரிதானவை ஆபத்தாகின்றன.

5.4-க்கும் 5.5-க்கும் நடுவே மதில் ஒன்றும் இல்லை. ஒரே படத்தை இருவர் அளந்தாலே சில மி.மீ. மாறும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுங்கள். 4 முதல் 4.9 வரை வருடம் ஒருமுறை, 5-ஐத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம். உங்களை வரச் சொன்ன கணக்கு சரி. அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

என் அம்மாவுக்கு 5.1 செ.மீ. அவருக்கும் 5.5 வரை பொறுக்கலாமா? - பொள்ளாச்சி

இப்போதே நிபுணரைப் பாருங்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பாலோர் ஆண்கள். பெண்களின் தமனி இயல்பிலேயே சிறியது, அதே அளவில் வெடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால் பெண்களுக்கு 5 செ.மீ.யிலேயே பேச ஆரம்பிப்போம். ஆனால் அவர்களுக்கு ஆபரேஷன் ஆபத்தும் கூடுதல், தொடைக் குழாய் சிறிதாக இருப்பதால் ஸ்டென்ட் நுழைவதும் கடினம். இதயம், கிட்னி எல்லாம் பார்த்துத்தான் முடிவு.

அப்புச்சிக்கு எடுத்த ரிப்போர்ட்டில் "ரத்தம் ஓடும் பாதை 3.1 செ.மீ., சுற்றிலும் உறைகட்டி, மொத்த அகலம் 5.7" என்று இருக்கிறது. பாதை சின்னதுதானே, நிம்மதியாக இருக்கலாமா? - காங்கேயம்

இருக்கக் கூடாதுங்க. விரிந்த குழாயின் உள்ளே ஓரமாக ரத்தம் உறைந்து படிவது சகஜம். ஆனால் அந்த உறைகட்டி சுவருக்குப் பலம் தராது. இழுவிசை சுவரின் மேல்தான் விழுகிறது, அதனால் உறைகட்டியையும் சேர்த்து வெளிச்சுவர் வரை அளந்த 5.7 தான் அப்புச்சியின் அளவு. நிபுணரிடம் போக நாள் தள்ளாதீர்கள்.

எனக்கு 4.2. தோப்பில் வேலை, பீடிப் பழக்கம் உண்டு. என்ன செய்யலாம், என்ன கூடாது? - தாராபுரம்

தோப்பு வேலை செய்யலாம், நடக்கலாம். மூச்சைப் பிடித்துத் தம் கட்டிப் பெரிய மூட்டை தூக்குவதை மட்டும் விடுங்கள். பீடியை முழுதாக நிறுத்த வேண்டும். அனியூரிசத்தை வேகமாக வளர்ப்பதும் வெடிக்க வைப்பதும் புகைதான், உங்கள் கையில் இருப்பதில் இதுதான் பெரியது. பிரஷர் மாத்திரையை விடாதீர்கள். காய்ச்சல், நீர்க்கடுப்பு என்று எந்த டாக்டரிடம் போனாலும் அனியூரிசம் இருப்பதைச் சொல்லுங்கள். சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகளை, வேறு வழி இருந்தால், அனியூரிசம் உள்ளவர்களுக்குத் தவிர்ப்பது நல்லது.

அப்புறம் ஒன்று. திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ விலாவிலோ கடும் வலி வந்தால் அளவு 4.2 தானே என்று இருந்துவிடாதீர்கள், வலி வந்தபின் அளவுக் கணக்கு செல்லாது. கிட்னிக் கல் என்று நினைத்து வலி ஊசி போட்டுக்கொள்வதும், சுளுக்கு எடுப்பவரிடம் போவதும் நேரத்தைத் தின்றுவிடும். 108-ஐக் கூப்பிட்டு, வண்டியில் ஏறும்போதே வயிற்றில் அனியூரிசம் என்று சொல்லி, ரத்தக்குழாய் ஆபரேஷன் வசதி உள்ள ஊருக்கே நேராகப் போகச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டும் ஸ்கேன் படங்கள் பதிந்த வட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே பையில் இருக்கட்டும்.