மூக்கணாங்கயிற்றைக் கம்பத்தில் கட்டினால் போதுமா?

கேள்வி: மாதவரம் பக்கம் இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறோம். ஒன்றுக்குப் பின்னங்கால் குளம்பில் ஆணி ஏறி, டாக்டர் வந்து அறுத்துச் சுத்தம் பண்ணணும் என்கிறார். மூக்கணாங்கயிற்றைக் கம்பத்தில் கட்டிவிட்டால் போதுமா, கீழே சாய்க்கணுமா? ஆளுக்கும் மாட்டுக்கும் அடிபடாமல் எப்படிப் பிடிப்பது?

மூக்கணாங்கயிற்றை மட்டும் கம்பத்தில் கட்டவே கட்டாதீர்கள். நான் அப்படிக் கட்டித்தான் ஒரு மாட்டின் மூக்கைக் கிழித்தேன்.

கொடுங்கையூரில் நாங்கள் ஐந்து மாடு வைத்திருந்தபோது நடந்தது. ஜெர்சி கலப்புப் பசு, ஊசி போட வேண்டும். சந்தில் இருந்த கம்பத்தில் மூக்கணாங்கயிற்றை இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். ஊசி குத்தும் நேரத்தில் பின்னால் ஒரு பைக் ஹாரன் அடித்தது. மாடு ஒரே எட்டில் பின்வாங்கியது. முந்நூறு, நானூறு கிலோ உடம்பின் இழுப்பு மொத்தமும் இரண்டு நாசிக்கும் நடுவிலுள்ள மெல்லிய சதையில் விழுந்தது. சதை அறுந்தது, கயிறு தரையில் கிடந்தது, மாடு ரத்தத்தோடு தெருவில் ஓடியது. அறுந்த மூக்கில் மறுபடி கயிறு கோக்கவும் முடியவில்லை.

மூக்கணாங்கயிறு திருப்பத்தான், நிறுத்த இல்லை. பாரத்தைத் தாங்க வேண்டியது தலைக்கயிறு: காதுக்குப் பின்னால் போய், முகத்தைச் சுற்றி, தாடைக்கு அடியில் வந்து சேர்கிற கயிறு. அதைத்தான் கம்பத்தில் கட்ட வேண்டும். மாட்டின் தோள் உயரத்தில், ஒரு முழத்துக்கு மேல் தொங்கல் விடாமல் கட்டுங்கள். தாழ்வாகவோ நீளமாகவோ விட்டால் மாடு காலைத் தூக்கிக் கயிற்றுக்குள் போட்டுக்கொள்ளும். முடிச்சு, நுனியை ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடுகிற மாதிரி இருக்க வேண்டும். மாடு வழுக்கி விழுந்து கயிற்றில் தொங்கும்போது இறுகிய முடிச்சை எந்தக் கையாலும் அவிழ்க்க முடியாது. மூக்கணாங்கயிற்றை ஒருவர் கையில் தளர்வாகப் பிடித்து, மாடு திமிறும்போது மட்டும் மேல்நோக்கி லேசாக இழுத்தால் போதும்.

அந்தக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. எங்கள் பக்கம் வண்டி மாட்டுக்கு லாடம் அடிக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். "சுத்தாத தம்பி, இத பாரு" என்று இடதுகை சுண்டுவிரலைக் காட்டுவார். மேல் கணு இருக்காது.

அப்புறம், சாய்ப்பதற்கு முன்னால் நின்றபடியே முடியுமா என்று பாருங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு மாட்டை நடத்திக்கொண்டு போக முடிந்தால், அங்கே மாட்டை உள்ளே நிறுத்திக் கட்டுகிற, இரும்புக் குழாயில் செய்த ட்ரெவிஸ் சட்டம் இருக்கும். சிலவற்றில் கழுத்தைப் பூட்டுகிற தலைப்பூட்டும் இருக்கும். காலைத் தூக்கிச் சட்டத்தில் கட்டி வேலையை முடித்துவிடலாம். அதிலும் மாட்டுக்குப் பின்னால் குறுக்குக் குழாயைப் போட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். குழாய்க்கும் மாட்டின் உடம்புக்கும் நடுவே கையை நுழைத்தால் எலும்பு முறியும். கழுத்துப் பூட்டு போட்ட மாட்டை விட்டுவிட்டு ஒரு டீ குடித்து வரலாம் என்று போகாதீர்கள். முன்னங்கால் மடங்கி விழுந்தால் பூட்டு தொண்டையை நெரிக்கும். பாரம் ஏறிய நிலையிலும் திறக்கிற பூட்டுதானா என்று மாட்டை உள்ளே விடுமுன் ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள்.

நொண்டுகிற மாட்டை நடத்திக்கொண்டு போக முடியாது, டாக்டரும் சாய்க்கச் சொல்கிறார் என்றால் முதலில் சினை பார்க்க வேண்டும். சினை மாட்டை, அதுவும் மாதம் முற்றியதை, சாய்க்க வேண்டாம் என்று டாக்டரே சொல்வார். மற்ற மாட்டுக்கு முதல் நாள் இரவிலிருந்து தீனி கொடுக்காதீர்கள். தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று அவரிடமே கேளுங்கள், நம்ம ஊர் வெயிலில் அது விளையாட்டில்லை. நிறைந்த வயிற்றோடு சாய்த்தால் தின்றது மேலேறி மூச்சுக்குழலுக்குள் போகும். வேலையை விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்டுத் தரை கூடாது. எங்கள் மாடு ஒன்றைச் சாய்த்தபோது நாங்கள் பக்கத்தில் வீடு கட்டியவரிடம் கேட்டு மணலைப் பரப்பி, மேலே கோணிச் சாக்கு போட்டோம்.

சாய்க்கிற கயிறு விரல் தடிமன், பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளம். பருத்திக் கயிறு நல்லது. நைலான் தோலைச் சுடும். ஒரு நுனியைக் கழுத்தைச் சுற்றி, இறுகாத முடிச்சாகப் போடுங்கள். இங்கே சுருக்கு விழுந்தால் மாடு மூச்சுமுட்டும். அங்கிருந்து முதுகுவழியே பின்னால் கொண்டுவந்து, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு வளையம். மறுபடி முதுகோடு வந்து, மடிக்கு முன்னால் வயிற்றைச் சுற்றி இன்னொன்று. இரண்டு வளையமும் முதுகின் மேலே மாட்டிக்கொள்ள வேண்டும். மிச்சக் கயிறு வாலை நோக்கிப் போகும். பின்வளையம் மடி மேலோ, காளையானால் குறி மேலோ ஏறக் கூடாது. கறவை மாட்டுக்கு வயிற்றடியில் ஓடும் பால் நரம்பும் நசுங்கலாம், அதனால் கயிற்றை இறுக்கியபடி நேரத்தைக் கடத்தாதீர்கள்.

இப்போது ஒருவர் தலைக்கயிற்றைப் பிடிக்க, இரண்டு பேர் நேர் பின்னால், உதை எட்டாத தூரத்தில் நின்று நிதானமாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் மாடு எதிர்த்து நிற்கும். ஒரே சீராக இழுத்தால் அரை நிமிடத்தில் முதுகு தாழும், பின்கால் தளரும், பெருமூச்சு விட்டு உட்காரும். விழவைப்பது அல்ல, உட்கார வைப்பது. அந்த நேரத்தில் ஒருவர் இடுப்பெலும்பில் கைவைத்து வலப்பக்கமாகச் சாய்க்க வேண்டும். பெருவயிறு இடப்பக்கம் இருக்கிறது. அது மேலே வந்தால் மூச்சுக்கு நெருக்கடி குறைவு, உப்புவதும் கண்ணுக்குத் தெரியும். ஆணி ஏறிய குளம்பு வலதுகாலில் என்றால் எந்தப் பக்கம் என்பதை டாக்டர் முடிவு பண்ணட்டும்.

சாய்ந்ததும் எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டுக் காலைக் கட்ட ஓடுவார்கள். தப்பு அங்கேதான் நடக்கும். கயிறு தளர்ந்த நொடியில் மாடு எழுந்து, குனிந்திருப்பவர் முகத்தில் குளம்பு படும். இழுக்கிறவர்கள் இழுத்தபடி இருக்க, தலையைப் பிடித்தவர் கழுத்தைத் தரையோடு அழுத்தியிருக்க, நான்காவது ஆள் முதுகுப் பக்கமிருந்து மட்டும் கைநீட்டிக் காலைக் கட்ட வேண்டும். கால் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. மாடு பின்னால் மட்டுமில்லை, பக்கவாட்டிலும் முன்னாலும் காலை வீசும்.

படுத்திருக்கும்போது கண்ணுக்கும் தோளுக்கும் அடியில் சாக்கை மடித்து வையுங்கள். தோள் அழுந்திக் கிடந்தால் முன்னங்கால் நரம்பு அடிபட்டு, எழுந்தபின் அந்தக் காலை இழுத்துக்கொண்டு நடக்கும். பிடரி சற்று உயர்ந்து, வாய் தாழ்ந்து இருந்தால் எச்சில் வெளியே வழியும். இடுப்புக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் கை வைத்துக்கொண்டே இருங்கள். பள்ளம் மறைந்து மத்தளம் மாதிரி விறைத்தால், அல்லது மூக்கில் பச்சைத் தண்ணீர் வந்தால், வேலை பாதியில் இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிக் கயிற்றைத் தளர்த்தி மாட்டை நெஞ்சில் உட்கார வையுங்கள். எங்கள் மாட்டுக்குக் கால் மணி நேரத்தில் முடிந்தது. அதற்குள்ளேயே பள்ளம் பாதி நிரம்பியிருந்தது.

அவிழ்க்கும்போது முதலில் கால்கட்டு, பிறகு வளையங்கள், கடைசியில் தலைக்கயிறு. உடனே எழுப்பாதீர்கள். நெஞ்சில் உட்கார்ந்து இரண்டு ஏப்பம் விடட்டும். எங்களது எழுந்து நின்று, மூன்று காலில் இரண்டு தப்படி வைத்து, சாக்கை முகர்ந்து பார்த்தது. அரை மணிக்குப் பிறகு அசை போட ஆரம்பித்தது. அப்புறம்தான் தண்ணீர் காட்டினோம்.